பெண்டிங்கில் நின்ற 14 பதிவுகளும் 58,000 ரூபா வானும்

நல்லூர்த் தீர்த்தம் முடிந்த மறுநாள் இரவு கொழும்புக்கு பஸ்ஸில் ஒரு சீற் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன வருடம் அதே இரவு, 7.30க்கு வெளிக்கிடும் எங்கள் பஸ்ஸின் வாசலில் 8 பேர் காசு கட்டியதற்கான பாங்க் எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவர்களுடைய சீற்றுகளில் வேறு 8 பேர் இருந்தார்கள். அவர்களும் காசு கட்டியவர்கள்தான். இப்படி ஒரே சீற்றை இரண்டு பேருக்கு விற்ற வெப்சைற்றை எழுதியவன் நான்.

பஸ் அத்தானுடையது. இரண்டு பஸ் ஓடுகிறது. நான் பகலில் வேறொரு வேலை பார்ப்பவன். இரவில் இருந்து இருந்து ரிக்கெற் பதிவு செய்யும் வெப்சைற்றை எழுதிக் கொடுத்தேன். ஆள் சீற்றைத் தெரிவு செய்வார், கார்ட்டில் காசு வாங்கித் தரும் கேற்வேயின் பக்கத்துக்குப் போய் கார்ட் இலக்கம் போடுவார், பாங்கிலிருந்து ஓ.ரி.பி. வரும், அதை அடிப்பார், காசு போனதும் கேற்வே எங்கள் சேர்வருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும், சீற் உறுதியாகும். எட்டு மாதம் ஒரு சிக்கலும் இல்லை. அந்த எட்டு மாதமும் நான் எழுதிய ஒரு சின்ன விதி உள்ளே பதுங்கிக் கிடந்திருக்கிறது: 10 நிமிடத்தில் காசு உறுதியாகாத பதிவை ரத்துச் செய், சீற்றை மறுபடி விற்பனைக்கு விடு. சீற்றைப் பிடித்து வைத்துவிட்டுக் காசு கட்டாமல் போகிறவர்களுக்காக எழுதியது. எழுதும்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அன்று பின்னேரம் 6 மணியளவில் ஏதோ ஒரு இடத்தில் பாங்க் பக்கம் இழுபட ஆரம்பித்தது. எந்த இடம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல முடியாது, அது எனக்குத் தேவையும் இல்லை. 14 பதிவுகள், மொத்தம் 19 சீற்றுகள், காசு உறுதியாகாமல் பெண்டிங்கில் நின்றன. 10 நிமிடம் முடிய முடிய என் விதி ஒவ்வொன்றாக ரத்துச் செய்தது. சனம் முட்டிக்கொண்டு நின்ற நேரம் என்றபடியால் விடுபட்ட சீற்றுகள் உடனேயே விலைப்பட்டன. இதற்கிடையில் மூன்று பேர் எனக்குக் கோல் எடுத்தார்கள். “தம்பி, காசு எடுத்திட்டாங்கள், ஆனா ரிக்கெற் வரேல்லை.” நான் திரையைப் பார்த்தேன், ரத்து என்று காட்டியது. “அக்கா, அது சரிவரேல்லைப் போல, திரும்ப ஒருக்காப் போடுங்கோ” என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வசனங்களில் அதுவும் ஒன்று.

ஆறரைக்குக் கிட்ட பாங்க் பக்கம் சீரானது. 14 பதிவுகளில் 5 கடைசிவரை நிறைவேறவில்லை, அவை ஆட்கள் பாதியில் விட்டவை. மிச்சம் 9 பதிவுகளுக்கு, அதாவது 13 சீற்றுகளுக்கு, காசு வந்து சேர்ந்துவிட்டது. அந்த 13இல் 5 சீற்றுகளை, நான் திரும்பப் போடச் சொன்ன அந்த மூன்று பேரே மறுபடி எடுத்திருந்தார்கள். தங்களுடைய சீற்றுக்குத் தாங்களே இரண்டாம் தரம் காசு கட்டினார்கள். மற்ற 8 சீற்றும் வேறு ஆட்களிடம்.

பஸ் வாசலில் நின்றவர்களில் ஒரு அம்மாவுக்கு விடிய 8 மணிக்குக் கொழும்பில் விசா நேர்முகம். அவர் சத்தம் போடவில்லை. ரெலிபோனை என் முகத்துக்கு நேரே நீட்டி “இதிலை இருக்கிற காசு எங்கை தம்பி போனது?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அத்தான் ஒன்றும் பேசாமல் ஒரு வான்காரருக்குக் கோல் எடுத்தார். அந்த நாளில் அந்த நேரத்தில் வெள்ளவத்தை வரைக்கும் 58,000 ரூபா கேட்டார்கள்; பேரம் பேசும் நிலையில் நாங்கள் இல்லை. ஒரு சீற் 3,200 ரூபாப்படி அந்த 8 பேரின் காசு 25,600 எங்களிடம் இருந்தது. ஆக, கையை விட்டுப் போனது 32,400. இரண்டு தரம் கட்டிய மூவருக்கும் 16,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தோம், அதற்குக் கேற்வே முதலில் எடுத்த கமிஷன் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. அத்தான் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அக்காதான் இடையில் நின்று சாப்பாடு போட்டுத் தந்தா.

அந்த இரண்டு நாளும் இருந்து பதிவேடுகளைப் பார்த்தேன். விசா அம்மாவின் பதிவை மட்டும் எடுத்து நிமிடம் நிமிடமாக எழுதினேன். 18:02க்குச் சீற் தெரிவு. 18:04க்கு ஓ.ரி.பி. சரியாக அடித்திருக்கிறார். 18:05க்கு, பாங்கின் பதில் வரவில்லை என்று கேற்வே கைவிட்டு PENDING என்று எழுதியிருக்கிறது. 18:12க்கு என் விதி ரத்துச் செய்தது. 18:14க்கு வேறொருவர் அதே சீற்றை எடுத்தார். 18:27க்குக் கேற்வேயிலிருந்து அறிவிப்பு வந்தது: SUCCESS. அதைப் பெற்ற என் நிரல் என்ன செய்தது தெரியுமா? பதிவு ஏற்கெனவே ரத்தாகிவிட்டது என்று பார்த்து, ஒன்றும் செய்யாமல், ‘கிடைத்தது’ என்று 200 பதில் அனுப்பிவிட்டது. கேற்வேயைப் பொறுத்தவரை செய்தி ஒப்படைக்கப்பட்டாயிற்று, இனி மறுபடி அனுப்பாது. அம்மாவின் காசு எங்கள் கணக்கில். அவருக்குச் சீற்றும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. எனக்கு அதிகம் வெட்கமாக இருந்தது இந்த இடத்தில்தான். பாங்க் பிந்தியது என்னுடைய பிழை இல்லை. வந்த செய்தியைக் குப்பையில் போட்டது முழுக்க என்னுடையது.

பெண்டிங் என்ற சொல்லை நான் ‘தோல்வி, ஆனால் இன்னும் எழுதவில்லை’ என்று விளங்கி வைத்திருந்தேன். அது அப்படி இல்லை. கார்ட்டில் காசு கேட்கும் செய்தி கேற்வேயிலிருந்து எங்கள் பக்கத்துப் பாங்குக்கும், அங்கிருந்து கார்ட் நிறுவனத்தின் வலையமைப்பினூடாக வாடிக்கையாளரின் பாங்குக்கும் போய், அதே வழியால் பதில் திரும்பி வரவேண்டும். திரும்பும் வழியில் பதில் தொலைந்தாலோ பிந்தினாலோ, வாடிக்கையாளரின் பாங்க் ஏற்கெனவே சம்மதித்துக் காசைப் பிடித்து வைத்திருக்கக் கூடும், இங்கே இருப்பவருக்கோ அது தெரியாது. பதில் வராதபோது ‘நான் கேட்டதை மீளப்பெறுகிறேன்’ என்று ஒரு மறுசெய்தி அனுப்பும் முறை இருக்கிறது. அது போய்ச் சேர்ந்தால் பிடித்த காசு விடுபடும். அது முடிவாகும் வரை இரண்டு விடையும் சாத்தியம். அந்த நேரத்தில் நாமாக ஒரு விடையை எழுதினால் அது ஊகம்தான்.

ஆனால் எல்லாப் பெண்டிங்கும் ஒன்றல்ல என்பதையும் அந்த 14 பதிவுகள்தான் காட்டின. நிறைவேறாமல் போன அந்த 5 பேரும் ஓ.ரி.பி. அடிக்கவே இல்லை. கார்ட் இலக்கம் போட்டுவிட்டுப் பக்கத்தை மூடியிருக்கிறார்கள். காசு வந்த 9 பேரும் ஓ.ரி.பி. அடித்துத் தாண்டியவர்கள். எங்கள் கேற்வே நிலையைக் கேட்டால் இந்த வேறுபாட்டையும் விவரத்தில் தருகிறது. நான் அதுவரை அந்தப் புலத்தை வாசித்ததே இல்லை. உங்களுடைய கேற்வே தருகிறதா என்று முதலில் பாருங்கள். ஓ.ரி.பிக்கு முந்திய பெண்டிங் என்றால் ஆள் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதற்கு ஒரு கால எல்லை வைத்து ரத்துச் செய்யலாம். ஓ.ரி.பிக்குப் பிந்திய பெண்டிங் என்றால் ஆள் தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டார், பாங்க்தான் பேசவில்லை. அதை உங்கள் மணிக்கூட்டைப் பார்த்து ரத்துச் செய்யக் கூடாது.

சரி, ரத்துச் செய்யாமல் கேட்டுக்கொண்டே இருப்போம் என்று அடுத்த கிழமை மாற்றினேன். அதில் இரண்டாவது பிழை. பெண்டிங்கில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் 2 செக்கனுக்கு ஒரு தரம் ‘என்ன நிலை?’ என்று கேற்வேயைக் கேட்க வைத்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பதிவுகள் ஒன்றாகத் தேங்கின. கொஞ்ச நேரத்தில் கேற்வே எல்லாக் கேள்விக்கும் 429 என்று பதில் சொல்லத் தொடங்கியது, அதாவது அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறாய், நிறுத்து. நிலை கேட்க முடியாமல் போனது மட்டும் இல்லை, அதே கணக்கால் புதிதாகக் காசு கட்ட வந்தவர்களின் பக்கமும் திறக்கவில்லை. ஏறக்குறைய 40 நிமிடம் விற்பனையே இல்லை. என் நிரல் அந்த 429ஐயும் ‘தோல்வி’ என்று எழுதி வைத்திருந்தது இன்னொரு கூத்து. நிலை கேட்ட கேள்வி தோற்பதும் காசு தோற்பதும் வேறு வேறு. கேள்விக்குப் பதில் வராவிட்டால் பதிவு இருந்த நிலையிலேயே இருக்கவேண்டும்.

இப்போது கேட்கும் முறை இது: ஆள் கேற்வேயின் பக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்ததும் ஒரு தரம். பிறகு 10 செக்கன், 30 செக்கன், 1 நிமிடம், 2, 5, 10 என்று இடைவெளி கூடிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு தரம், இரண்டு மணித்தியாலம் தாண்டினால் மணிக்கு ஒரு தரம், 24 மணித்தியாலத்தில் நிரல் ஓய்ந்து பதிவை என்னுடைய மேசைக்கு அனுப்பும். ஒவ்வொரு இடைவெளியிலும் சில செக்கன்களைக் குருட்டாம்போக்கில் கூட்டிக் குறைக்கிறேன். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் தேங்கிய பதிவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்க் கதவைத் தட்டும். கேட்கும்போது எப்போதும் பழைய பதிவு இலக்கத்தையே கொடுத்துக் கேட்கவேண்டும். பழையது முடிவாகாத வரை அதே சீற்றுக்குப் புதிதாக ஒரு கொடுப்பனவைத் தொடங்க என் வெப்சைற் இனி விடாது. ‘திரும்ப ஒருக்காப் போடுங்கோ’ என்பதற்கு அங்கே இடமில்லை.

கேற்வே அனுப்பும் அறிவிப்பும் நாங்கள் கேட்டுப் பெறும் பதிலும் ஒரே செக்கனில் வந்து மோதுவது நடக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு ரிக்கெற் எஸ்.எம்.எஸ். போன பிறகுதான் இதைக் கவனித்தேன். இந்த ஒரு வரி போதும்:

```sql
UPDATE orders SET status = 'PAID'
WHERE order_id = 'YK-2317' AND status = 'PENDING';
```

ஒரு வரிசை மாறியது என்று தரவுத்தளம் சொன்னால் நீங்கள்தான் முதலில் வந்தவர், ரிக்கெற்றை அனுப்புங்கள். பூச்சியம் என்றால் வேறு யாரோ முந்திவிட்டார்கள், அல்லது பதிவு ரத்தாகிவிட்டது. அங்கே பேசாமல் 200 அனுப்பிவிட்டுப் போகாமல் பதிவின் இப்போதைய நிலையைப் பாருங்கள். ரத்தான பதிவுக்குக் காசு வந்திருந்தால், முதலில் அதை எழுதி வைத்து, சீற் இன்னும் வெறுமையா என்று பார்த்து, வெறுமை என்றால் அவருக்கே கொடுத்து, இல்லையென்றால் காசைத் திருப்பும் வரிசையில் போடவேண்டும். போன வருடம் இந்தப் பூச்சியத்தை நான் பார்த்திருந்தால், 6.27க்கே அந்த அம்மாவுக்குக் கோல் எடுத்திருக்கலாம். பஸ் வெளிக்கிட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

ரத்துச் செய்வதைப் பற்றி இன்னும் ஒன்று. நம்முடைய தரவுத்தளத்தில் CANCELLED என்று எழுதுவது பாங்குக்குத் தெரியாது. ரத்து என்றால் கேற்வேக்கு VOID என்று கேட்டு, அது சரி என்று சொன்னதும்தான் நம் பக்கம் எழுதலாம். அந்த VOID கேள்விக்கும் பதில் பிந்தலாம். அதையும் பெண்டிங் என்றே நடத்தவேண்டும். VOID சரியான பிறகும் ஒரு தரம் நிலையைக் கேட்டுப் பார்க்கிறேன். அன்றைய கணக்கு முடிக்கப்படுவதற்கு முன்னர் VOID செய்தால் வாடிக்கையாளரின் காசு பிடிபட்டது மட்டும்தான், விடுபட்டுப்போகும். அதுவும் அவருடைய பாங்கைப் பொறுத்துச் சில நாள் எடுக்கும். கணக்கு முடிந்த பிறகு என்றால் VOID செல்லாது, REFUND செய்யவேண்டும், அது தனி வரவாகப் போகும், அதற்கும் நாள் எடுக்கும். வாடிக்கையாளரிடம் “இப்ப வந்திடும்” என்று சொல்லாதீர்கள். நான் சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டிச் சண்டை பிடிப்பவர்களும் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய பாங்க் காசைப் பிடித்து வைத்தது என்பதற்கு அது சாட்சி. எங்களுக்கு வந்தது என்பதற்குச் சாட்சி கேற்வேயின் முடிவான நிலையும், பிறகு பாங்கில் விழும் தீர்ப்பனவுக் கணக்கும்தான். இதை வாசலில் நின்று விளங்கப்படுத்துவது மகா கஷ்டம். இப்போது பெண்டிங்கில் உள்ளவர்களுக்கு உடனேயே ஒரு செய்தி போகிறது: உங்கள் பாங்க் இன்னும் உறுதி செய்யவில்லை, சீற் உங்களுக்காக வைக்கப்பட்டுள்ளது, தயவுசெய்து திரும்பக் காசு கட்டவேண்டாம். அது போகத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் கோல்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன.

கார்ட் இல்லாமல் பாங்க் அப்பிலிருந்து நேரே கணக்குக்கு அனுப்புகிறவர்களுடைய கதை வேறு. சீஃப்ட்ஸ் வழியாக அனுப்பினால் விடுமுறை, இரவு என்று பாராமல் உடனே வரும். ஸ்லிப்ஸ் வழி என்றால் பாங்க் திறந்திருக்கும் நாட்களில் கட்டுக்கட்டாகத்தான் போகும். சில அப்களில் இரண்டில் ஒன்றைத் தெரியச் சொல்லும், ஆள் கட்டணம் குறைந்ததைத் தெரிவார், இரண்டுக்கும் திரையில் ‘வெற்றி’ என்றே வரும். வெள்ளி இரவு ஸ்லிப்ஸில் அனுப்பி, திங்கள் போயாவும் வந்துவிட்டால் செவ்வாய்க்கு முன்னர் எதிர்பார்க்காதீர்கள். அங்கே நிமிடத்துக்கு நிமிடம் கணக்கைத் திறந்து பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. ஸ்கிரீன்ஷொட்டில் எந்த வழி என்று இருக்கிறதா பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டியதுதான்.

கடைசியில் பஸ் பாங்குக்காகக் காத்து நிற்காது. இதற்கு நிரலில் விடை இல்லை, அத்தானோடு இருந்துதான் முடிவெடுத்தோம். பஸ் வெளிக்கிட 45 நிமிடம் இருக்கும்போது இணையப் பதிவு பூட்டப்படும். ஓ.ரி.பி. தாண்டிய பெண்டிங் என்றால் சீற் அவருடையதுதான், யாருக்கும் விற்பதில்லை. வெளிக்கிடும் நேரத்திலும் முடிவு வராவிட்டால் அவரை ஏற்றுவோம், கொண்டக்டரின் தாளில் பெயருக்கு நேரே ‘பெ’ என்று ஒரு குறி. காசு வராமல் போய் ஆளும் ஏமாற்றினால் நட்டம் 3,200. வானுக்குக் கொடுத்த 58,000ஐ நினைத்தால் அது பெரிய தொகையாகத் தெரியவில்லை என்று அத்தானே சொன்னார்.

இந்த வருடம் தீர்த்தத்துக்கு மறுநாள் 6 பேர் பெண்டிங்கில் நின்றார்கள். ஐந்து பேருக்கு ஏழு மணிக்குள் உறுதி வந்துவிட்டது. 23ஆம் சீற் பொடியனுக்கு மட்டும் வரவில்லை. ‘பெ’ போட்டு ஏற்றினோம். கிளிநொச்சி தாண்டும்போது கேற்வே FAILED என்று முடித்தது. பொடியனுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அவன் தன்னுடைய பாங்க் அப்பைப் பார்த்துவிட்டு, “ஓம் அண்ணை, காசு திரும்பி வந்திட்டுது” என்றான். விடிய வெள்ளவத்தையில் இறங்கும்போது கொண்டக்டரிடம் 3,200ஐக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.